எவ்வளவு அகற்றுவது? கன்னப் புற்றுநோய் அறுவையில் ஃபுரோசன் செக்‌ஷன்

*கேள்வி:* என் அம்மாவுக்கு 63 வயது. பேராக்கில் ஒரு தோட்டப் பட்டணத்தில் இருக்கிறோம். அம்மா பால்மரம் வெட்டியவர். வெற்றிலை, பாக்கு, புகையிலை போடும் பழக்கம் நாற்பது ஆண்டுகளாக உண்டு. இடது கன்னத்தின் உள்ளே, கீழ்க் கடைவாய்ப் பல்லை ஒட்டினாற்போல் வந்த புண்ணைச் சோதித்துவிட்டுப் புற்றுநோய் என்றார்கள். இரண்டரை சென்டிமீட்டர் இருக்கிறதாம். ஈப்போவில் ஆபரேஷன். “உள்ளே போய் ஃபுரோசன் செக்‌ஷன் பார்த்துக்கொண்டுதான் எவ்வளவு எடுப்பது என்று முடிவு செய்வோம்; தேவைப்பட்டால் தாடை எலும்பும் கன்னத் தோலும் போகலாம்” என்கிறார் டாக்டர். ஸ்கேன் எல்லாம் எடுத்த பிறகும் முன்கூட்டியே சொல்லத் தெரியாதவரை நம்பலாமா? எங்கள் லயத்தில் ஒருவருக்கு ஆபரேஷன் அன்று “எல்லாம் கிளியர்” என்று சொல்லிவிட்டு, இரண்டு வாரம் கழித்து மாற்றிச் சொன்னார்கள். தாடையில் கை வைக்கக் கூடாது என்று எழுதிக் கொடுப்பதா, இல்லை ஒரேயடியாக எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்வதா என்று தெரியவில்லை. தாடை விஷயத்தை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. கையெழுத்து நான்தான் போடப் போகிறேன்.

*பதில்:*

அன்புள்ள சகோதரிக்கு,

நான் அறுவை செய்யும் மருத்துவன் அல்ல. அறுவை அறையிலிருந்து வரும் திசுவை உறையவைத்து, சீவி, நுண்ணோக்கியில் பார்த்து, தொலைபேசியில் பதில் சொல்லும் நோய்க்குறியியல் மருத்துவன். இந்த உறைதிசுப் பரிசோதனையைத்தான் ஃபுரோசன் செக்‌ஷன் என்கிறார்கள். ஆகவே உங்கள் கேள்விகளுக்கு ஆய்வுக்கூடத்தின் பக்கத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

முன்கூட்டியே சொல்ல முடியாது என்று அந்த மருத்துவர் கூறியதை அனுபவக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்கேன் காட்டுவது கட்டியின் உடலைத்தான். கன்னத்தில் வரும் செதிள் செல் புற்றுநோய் ஒரு வட்டக் கோட்டோடு நின்றுவிடுவதில்லை. அதன் ஓரத்திலிருந்து செல்கள் மெல்லிய இழைகளாகவும் சிறு கூட்டங்களாகவும் தசைக்குள்ளும் கொழுப்புக்குள்ளும் புகுந்திருக்கும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அந்த இழைகளை ஸ்கேனும் காட்டாது, கண்ணும் காணாது, விரலும் உணராது. உங்கள் அம்மாவின் வாயில் இன்னொரு சிக்கலும் இருக்கக்கூடும். பல ஆண்டுகள் பாக்கு மென்றவர்களின் கன்னம் உட்புறம் வெளுத்து, நார்போல இறுகிவிடுவது உண்டு. அப்படிப்பட்ட கன்னத்தில் கட்டி எங்கே முடிகிறது, வெறும் இறுக்கம் எங்கே தொடங்குகிறது என்பதைத் தொட்டுப் பிரித்தறிவது கைதேர்ந்தவருக்கும் கடினம். இத்தகைய வாயைப் பார்த்துவிட்டு “இத்தனை மில்லிமீட்டர்தான் எடுப்பேன்” என்று முன்கூட்டியே உறுதி சொல்பவரைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

எனவே அறுவை மருத்துவர் ஒரு கணக்கை வைத்துக்கொண்டு தொடங்குகிறார். கண்ணுக்கும் விரலுக்கும் தெரியும் கட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் நல்ல திசுவைச் சேர்த்து வெட்டுகிறார். இரண்டரை சென்டிமீட்டர் கட்டிக்கு நாலரை சென்டிமீட்டர் துண்டு. நுண்ணோக்கியில் எங்களுக்கு வேண்டியது 5 மில்லிமீட்டர்தான்: புற்றுச் செல்லுக்கும் வெட்டிய விளிம்புக்கும் இடையில் அவ்வளவு நல்ல திசு இருந்தால் போதுமானது என்றும், 1 முதல் 5 மில்லிமீட்டர் வரை இருந்தால் நெருக்கம் என்றும், 1 மில்லிமீட்டருக்கும் குறைந்தால் நோய் விளிம்பைத் தொட்டுவிட்டது என்றும் பொதுவாகக் கொள்கிறோம். ஐந்து தேவைப்படும் இடத்தில் பத்து எடுப்பதற்குக் காரணம், வாயின் உள்தோல் வெட்டியவுடன் சுருங்கிவிடுகிறது என்பதே. வாயில் 10 மில்லிமீட்டராக அளந்தது என் மேசைக்கு வரும்போது 7 மில்லிமீட்டராகவோ அதற்கும் குறைவாகவோ இருப்பதில் வியப்பில்லை.

அப்படியானால் 2 சென்டிமீட்டர் எடுத்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்பது நியாயம். கன்னத்தில் அவ்வளவு இடம் இல்லை. முன்புறம் ஒரு சென்டிமீட்டர் கூடினால் வாயோரம் போகும். உதடு மூடாமல் எச்சில் வழியும். பின்புறம் கூடினால் மெல்லும் தசைகள் பாதிக்கப்பட்டு, தழும்பு இறுகும்போது வாய் இரண்டு விரல்கூட நுழையாதபடி சுருங்கலாம். அடிப்புறம், அதாவது வெளித்தோலை நோக்கிய ஆழப் பக்கம், கூடினால் முகத்தோலே போய்விடும். நோய் விலகிவிட்ட இடத்துக்கு அப்பாலும் வெட்டிக்கொண்டே போவதால் நோய் திரும்பும் வாய்ப்பு அதற்கேற்பக் குறைவதும் இல்லை. எந்தப் பக்கத்தில் நிறுத்தலாம், எந்தப் பக்கத்தில் இன்னும் போக வேண்டும் என்பதை அறுவையின் நடுவிலேயே பிரித்துச் சொல்வதுதான் உறைதிசுப் பரிசோதனையின் வேலை.

அறுவையின் நடுவே நடப்பது

வெட்டிய துண்டில் அறுவை மருத்துவர் நூலால் அடையாளத் தையல் போடுவார். ஒரு பக்கம் குட்டை நூல், இன்னொரு பக்கம் நீண்ட நூல். மேல் எது, முன் எது என்று எனக்குத் தெரிவதற்காக. இந்தத் திசுவை ஃபார்மலினில் போடக் கூடாது. போட்டால் சரியாக உறையாது. உப்புநீரில் நனைத்த துணியில் சுற்றி, உடனே ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவருவார்கள். நான் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நிற மை பூசுவேன். பிறகு கட்டியிலிருந்து விளிம்பு வரை குறுக்காக வெட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு துண்டு எடுப்பேன். அதைப் பசைபோன்ற ஒரு கூழில் பதித்து, மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும் கிரையோஸ்டாட் என்ற குளிர்பெட்டிக்குள் வைத்தால் ஓரிரு நிமிடங்களில் கல்லாகிவிடும். அந்தப் பெட்டிக்குள்ளேயே உள்ள கத்தியால் 5 மைக்ரான் தடிமனில் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயமேற்றிப் பார்க்கிறேன். 1905-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் லூயிஸ் வில்சன் இதை அன்றாட வழக்கமாக்கியதிலிருந்து கருவிகள் மாறியிருக்கின்றன. முறை பெரும்பாலும் அதுதான். ஒரு துண்டுக்குச் சுமார் 20 நிமிடம் பிடிக்கும். ஐந்து துண்டு வந்தால் முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். அந்த நேரம் வீணாவதில்லை. அதற்குள் அறுவைக் குழு கழுத்தின் நெறிக்கட்டிகளை அகற்றுவது, கன்னத்தை மூட முன்கையிலிருந்து தோலை இரத்தக்குழாயோடு எடுப்பது போன்ற வேலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

உங்கள் அம்மாவின் கட்டியையே எடுத்துக்கொண்டு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஐந்து பக்கங்களைப் பார்த்த பிறகு நான் தொலைபேசியில் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள்: “முன், மேல், கீழ் மூன்றும் 5 மில்லிமீட்டருக்கு மேல். பின்புறத்தில் புற்றுச் செல்கள் மையைத் தொடுகின்றன. அடிப்புறம் 2 மில்லிமீட்டர்.” அறுவை மருத்துவர் அதைத் திருப்பிச் சொல்வார், தவறாகக் காதில் விழுந்தால் தவறான பக்கத்தை வெட்ட நேரிடும் என்பதால் இந்தத் திருப்பிச் சொல்லலை நான் ஒருபோதும் விடுவதில்லை. பிறகு அவர் முன்புறத்தைத் தொடமாட்டார்; வாயோரம் தப்பியது. பின்புறத்தில், கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால், இன்னும் ஒரு பட்டை எடுப்பார். அடிப்புறத்தில் கன்னத் தசைக்கும் தோலுக்கும் இடையில் எஞ்சியுள்ள கொழுப்பை எடுப்பார். இரண்டும் மறுபடி என்னிடம் வரும். பின்புறம் தெளிவு, அடிப்புறத்திலும் நோய் இல்லை என்றால் தோல் தப்பிவிடும். அந்தக் கொழுப்பிலும் புற்றுச் செல் இருந்தால் தோலையும் சேர்த்து எடுக்க வேண்டிவரும்; அப்போது கன்னத்தின் உட்புறம், வெளிப்புறம் இரண்டையும் மூட வேண்டும் என்பதால் கையிலிருந்தோ தொடையிலிருந்தோ எடுக்கும் தோலின் அளவும் மாறும். “கன்னத் தோலும் போகலாம்” என்று மருத்துவர் சொன்னது இதைத்தான்.

புற்றுச் செல் இல்லாமல், புற்றாக மாறக்கூடிய மாற்றம் மட்டும் விளிம்பில் தெரிவதும் உண்டு; பாக்கு மென்ற வாயில் இது அடிக்கடி வரும். மாற்றம் கடுமையாக இருந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் சற்று எடுக்கச் சொல்வோம். இலேசாக இருந்தால் பெரும்பாலும் விட்டுவிடுவோம். அதையெல்லாம் துரத்தப் போனால் வாயின் பாதியை எடுக்க வேண்டியிருக்கும்.

உங்கள் பட்டணத்து மருத்துவமனையிலேயே ஏன் செய்யவில்லை என்று உறவினர்கள் கேட்டால் இந்தக் குளிர்பெட்டியும், அதன் அருகே அன்று காத்திருக்கும் நோய்க்குறியியல் மருத்துவரும் வேண்டும் என்று சொல்லுங்கள்.

தாடை எலும்பு

நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் முக்கியமான இடம் இது. தாடையை எடுப்பதா வேண்டாமா என்பதை ஃபுரோசன் செக்‌ஷன் சொல்லிவிடும் என்று எண்ணுகிறீர்கள். சொல்லாது. எலும்பு கல்போன்றது, என் கத்தி அதைச் சீவாது. அமிலத்தில் ஊறவைத்து அதன் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்த பிறகே சீவ முடியும். அதற்குப் பல நாட்கள், தடித்த எலும்பென்றால் ஒன்றிரண்டு வாரம் ஆகும். எலும்பின் உள்ளிருந்து சுரண்டி எடுத்த மென்மையான மஜ்ஜையையும், தாடைக்குள் ஓடும் நரம்பின் முனையையும் மட்டுமே அன்றைக்கே உறையவைத்துப் பார்க்கலாம். அது துணைச் சான்றுதான்.

தாடை பற்றிய முடிவை ஸ்கேனும் அறுவையின்போது கண்ணால் காண்பதும் தீர்மானிக்கின்றன. எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வை அறுவை மருத்துவர் உரித்துப் பார்ப்பார். சவ்வு எளிதாக உரிந்து, அடியில் எலும்பு வழவழப்பாக இருந்தால், கட்டி அருகில் இருந்தாலும் மேல்விளிம்பை மட்டும் சீவி எடுப்பது போதுமானதாக இருக்கலாம். கீழ்விளிம்பு நிற்பதால் முகத்தின் வடிவம் மாறாது. எலும்பு அரிக்கப்பட்டு மஜ்ஜைக்குள் நோய் புகுந்திருந்தால் முழுத் தடிமனில் ஒரு துண்டையே எடுக்க வேண்டும். அந்த இடத்தைக் கீழ்க்காலின் மெல்லிய எலும்பை வைத்து நிரப்புவது வழக்கம். “தாடை போகலாம்” என்ற ஒரே தொடரில் அடங்கும் இந்த இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது. அம்மாவின் ஸ்கேனை வைத்து எதற்கு வாய்ப்பு அதிகம் என்று அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். இதற்கு அவரால் பதில் சொல்ல முடியும்; சொல்லவும் வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து மாறும் முடிவு

உங்கள் லயத்துக்காரருக்கு நடந்ததைத் தவறு என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். 5 மைக்ரான் சீவல் என்றால் ஒரு மில்லிமீட்டருக்குள் 200 சீவல்கள் அடங்கும். நாலரை சென்டிமீட்டர் துண்டைச் சுற்றியுள்ள விளிம்பு ஏறக்குறைய 14 சென்டிமீட்டர். அதில் சில இடங்களில் சில சீவல்களைத்தான் நான் அன்று பார்க்கிறேன். நோய் அதிகம் நெருங்கியதாகத் தோன்றும் இடத்தைத் தேர்ந்தே எடுக்கிறேன் என்றாலும், நான் எடுக்காத இடத்தில் ஓர் இழை இருந்திருக்கலாம். உறையும்போது திசுவில் உண்டாகும் பனித்துகள்கள் செல்களைச் சிதைக்கின்றன. கொழுப்பு அந்தக் குளிரிலும் சரியாக உறையாமல் வழுக்குகிறது. மின்கத்தி கருக்கிய ஓரத்தில் செல்லின் உருவமே தெரிவதில்லை. சில நேரங்களில் “இப்போது சொல்ல முடியாது, முழுப் பரிசோதனைக்குக் காத்திருங்கள்” என்றே சொல்லிவிடுகிறேன். ஊகித்துச் சொல்வதைவிட அது நேர்மையான பதில்.

முழுப் பரிசோதனையில் அந்தத் துண்டு முழுவதும் ஃபார்மலினில் பதப்படுத்தப்பட்டு, சில மில்லிமீட்டர் இடைவெளியில் அறுக்கப்பட்டு, மெழுகில் பதித்துச் சீவப்படுகிறது. சீவல்களும் அதிகம், செல்லின் தெளிவும் அதிகம். எலும்பு சேர்ந்திருந்தால் நாட்களும் அதிகம். ஆகவே அன்றைக்குச் சொல்லும் “கிளியர்” தற்காலிகமானது. அதை அப்போதே அந்தக் குடும்பத்திடம் சொல்லாமல் விட்டிருந்தால், குறை அங்கேதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் வெட்டிலேயே தெளிவாக வந்த விளிம்பும், நோய் இருந்து மறுபடி வெட்டியபின் தெளிந்த விளிம்பும் ஒன்றல்ல. இரண்டாவது வகையில் நோய் அதே இடத்தில் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நோய் பரவும் தன்மை கூடியிருப்பது ஒரு காரணம். சுருங்கிவிட்ட துண்டில் நான் காட்டும் புள்ளியைக் காயத்தில் அதே இடத்தில் கண்டுபிடிப்பது எளிதல்ல என்பது இன்னொன்று. அதனால்தான் மறுவெட்டு தேவைப்பட்டவர்களுக்கு, கடைசி அறிக்கை நன்றாக இருந்தாலும், கதிர்வீச்சு தேவையா என்று மருத்துவக் குழு யோசிக்கிறது. முழு அறிக்கையில் விளிம்பில் நோய் இருந்தால் மறு அறுவையோ, கதிர்வீச்சோடு மருந்து சேர்ந்த சிகிச்சையோ பேசப்படும்.

கையெழுத்து அம்மாவுடையது

மனத்தெளிவுள்ள ஒரு பெரியவருக்காக மகள் ஒப்புதல் கொடுக்க முடியாது. அம்மாதான் கையெழுத்தோ கைரேகையோ வைக்க வேண்டும். நோயாளி முடிவெடுப்பதற்குத் தேவையான அபாயங்களை மருத்துவர் அவரிடம் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதை நம் நாட்டின் கூட்டரசு நீதிமன்றம் 2006-இல் ஒரு தீர்ப்பில் உறுதிப்படுத்தியது. அம்மாவிடம் தாடையைப் பற்றிச் சொல்லாமல் அறுவைக்கு அனுப்பி, கண்விழித்ததும் அவரே தடவித் தெரிந்துகொள்ளும்படி விடுவது அன்பாகாது. படிவம் மலாயில் இருந்தால் தமிழில் விளக்கக்கூடிய ஒருவரை வரவழைக்கச் சொல்லுங்கள். தாதியரில் ஒருவர் கிடைக்கக்கூடும். மரம் வெட்டியவருக்கு இதை விளக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை: பட்டையை ஆழம் குறைவாகச் சீவினால் பால் இறங்காது, ஆழம் கூடினால் மரம் காயப்பட்டுப் புடைத்துவிடும் என்று கையாலேயே அறிந்தவர் அவர்.

“தாடையைத் தொடக் கூடாது” என்று எழுதிக் கொடுக்க அம்மாவுக்கு உரிமை உண்டு. ஆனால் எலும்பில் நோய் இருந்தால், மருத்துவர் தெரிந்தே நோயை விட்டுவிட்டுக் காயத்தை மூட வேண்டியிருக்கும். பின்னர் கொடுக்கும் கதிர்வீச்சு அந்தக் குறையை ஈடுசெய்யாது. “எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்” என்பதும் எனக்கு ஏற்புடையதல்ல. தேவையில்லாமல் இழந்த எலும்பும் தோலும் திரும்பி வராது. இரண்டுக்கும் நடுவில் நல்ல வழி இருக்கிறது. ஒப்புதல் படிவத்தில் படிப்படியாக எழுதலாம்: கன்னத்தின் உட்புறம் தேவையான அளவு அகற்ற ஒப்புதல், தாடையின் மேல்விளிம்பைச் சீவ ஒப்புதல், அடிப்புறத்தில் நோய் இருந்தால் தோலை அகற்ற ஒப்புதல், முழுத் தடிமனில் எலும்புத் துண்டை எடுப்பதற்கு ஒப்புதல், அல்லது மூடிவிட்டு முழு அறிக்கை வந்தபின் பேசலாம் என்ற நிபந்தனை. கடைசியில் சொன்ன நிபந்தனையை வைத்தால் இரண்டாவது முறை மயக்க மருந்தும், கதிர்வீச்சு தள்ளிப்போகும் அபாயமும் வரும் என்பதையும் அம்மா தெரிந்துகொண்டு தேர்ந்தெடுக்கட்டும்.

அறுவை முடிந்து வெளியே வரும் மருத்துவரிடம் “எந்தெந்தப் பக்கத்தில் மறுபடி வெட்டினீர்கள்?” என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முழு அறிக்கை வரும்போது அதன் நகலைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு விளிம்புக்கும் எதிரே எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கிறது, நீங்கள் குறித்த பக்கம் அதில் எங்கே இருக்கிறது என்று மருத்துவரோடு சேர்ந்து பாருங்கள். கதிர்வீச்சு தேவை என்றால் அறுவை நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. ஆகவே அறிக்கைக்கான மறுசந்திப்புத் தேதியை மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.